இரண்டு எலெக்டிவ், ஐந்து பெயர்கள்: எதை எடுப்பது?

கேள்வி: கணினி அறிவியல் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டை முடித்திருக்கிறேன். நான்கு செமஸ்டருக்கும் சேர்த்து சிஜிபிஏ 10க்கு 7.8. அடுத்த செமஸ்டரில் ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், அல்காரிதம் மூன்றும் கட்டாயம். கூடவே இரண்டு எலெக்டிவ் எடுக்க வேண்டும். கம்பைலர், மெஷின் லேர்னிங், கிளவுட் கம்ப்யூட்டிங், சைபர் பாதுகாப்பு அறிமுகம், மொழியியல் அறிமுகம் என ஐந்து இருக்கின்றன. கம்பைலரும் மெஷின் லேர்னிங்கும் எடுத்தால்தான் மதிப்பு என்கிறார்கள் சீனியர்கள். அப்பா கிளவுட் எடுக்கச் சொல்கிறார். சைபர் பாதுகாப்பில் மார்க் சுலபமாக வரும் என்கிறார்கள் தோழிகள். எனக்குப் பிடித்தது மொழியியல். சொற்களின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது. பின்னால், கணினி மனித மொழியைக் கையாளும் துறையில் முதுநிலை படிக்க ஆசை. ஆனால் நிகழ்தகவில் 6தான் வாங்கினேன். வாரம் 12 மணி நேரம் பகுதிநேர வேலையும் பார்க்கிறேன். கஷ்டமானதை எடுத்து சிஜிபிஏவைக் கெடுத்துக்கொள்வேனோ என்று பயம். எல்லாமே 3 கிரெடிட்தானே, எதை எடுத்தாலும் சுமை ஒன்றுதானே என்றும் தோன்றுகிறது. எல்லாப் பாடத்திட்டங்களையும் இணைத்திருக்கிறேன். எதை எடுக்கட்டும்?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

பாடத்திட்டங்களை இணைத்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. இப்படிக் கேட்டு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் பாடத்தின் பெயரை மட்டும்தான் சொல்வார்கள். பெயரை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எந்த வாரத்தில் என்ன சமர்ப்பிக்க வேண்டும், எதற்கு எத்தனை மார்க் என்று உங்கள் தாள்களில் இருக்கிறது. அதை வைத்துத்தான் பேசப் போகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெஷின் லேர்னிங்கும் மொழியியலும் எடுங்கள். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அது நிகழ்தகவு பற்றியது, பிறகு வருகிறேன். கம்பைலரை விடச் சொல்வது அது கடினம் என்பதற்காக அல்ல. இந்த ஒரு செமஸ்டரில் அது உங்களுக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

போக வேண்டிய இடத்திலிருந்து பின்னோக்கிப் பாருங்கள்

'பயனுள்ள பாடம்' என்று பொதுவாக ஒன்று கிடையாது. எதற்குப் பயன் என்று கேட்ட பிறகுதான் விடை வரும். உங்கள் ஆசை முதுநிலையில் இயல்மொழிச் செயலாக்கம் படிப்பது. அங்கிருந்து ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி வருவோம்.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் கடைசி செமஸ்டரில் 'இயல்மொழிச் செயலாக்கம்' என்றே ஒரு எலெக்டிவ் இருக்கிறது. அதற்கு முன்தேவை என்ற இடத்தில் மெஷின் லேர்னிங் என்று போட்டிருக்கிறார்கள். மெஷின் லேர்னிங்கோ ஆண்டுக்கு ஒரு முறை, இந்த செமஸ்டரில் மட்டும் நடக்கிறது. ஆகவே இப்போது விட்டால் கடைசி செமஸ்டரில் உங்கள் ஆசைக்கு நேராக உள்ள பாடமும் போய்விடும். ஒரு பாடத்தை விடுவது இன்னொன்றை மூடுகிறதா என்பதை மாணவர்கள் அனேகமாகப் பார்ப்பதில்லை. ஐந்தில் எது அதிகம் பிடிக்கிறது என்று வாரக்கணக்கில் யோசிப்பார்கள். முன்தேவை என்ற அந்த ஒரு வரியைப் பார்க்க மறந்துவிடுவார்கள்.

இனி முதுநிலை சேர்க்கை. உங்கள் மனதில் இருக்கும் மூன்று நான்கு முதுநிலைப் படிப்புகளின் சேர்க்கை நிபந்தனைகளைத் திறந்து, அவர்கள் பெயர் சொல்லிக் கேட்கும் பாடங்களை ஒரு தாளில் எழுதுங்கள். இந்தத் துறையில் திரும்பத் திரும்ப வருபவை நிரலாக்கம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவும் புள்ளியியலும். அப்படிப் பார்த்தால் உங்கள் விண்ணப்பத்தில் கண்ணில் படப்போகும் இடம் எந்த எலெக்டிவும் இல்லை, ஏற்கெனவே வாங்கிய அந்த 6தான். அதை இனி அழிக்க முடியாது. ஆனால் நிகழ்தகவின் மேலேயே கட்டப்பட்ட ஒரு பாடத்தில் அடுத்த ஆண்டு நல்ல கிரேடு வாங்கினால், அந்தப் பலவீனம் சரியாகிவிட்டது என்று உங்கள் ட்ரான்ஸ்கிரிப்ட்டே பேசும். அந்தப் பாடம் மெஷின் லேர்னிங்.

அப்பா சொல்லும் கிளவுட் பற்றியும் சொல்ல வேண்டும். வேலைக்கு உதவும் என்று அவர் நினைப்பதில் தவறே இல்லை. ஆனால் நீங்கள் அனுப்பிய பாடத்திட்டத்தில் பாதிக்கு மேல் குறிப்பிட்ட ஒரு சேவையின் கருவிகளை இயக்கிப் பழகுவதுதான். கருவிகளைச் செய்முறை ஆவணங்களை வைத்து விடுமுறையில் நீங்களே கற்றுக்கொள்ளலாம்; தப்பு செய்தால் திரையிலேயே பிழைச்செய்தி வந்துவிடும். கணித நிறுவலில் எந்த வரியில் சறுக்கினீர்கள், மொழித் தரவில் ஏன் தவறான விதியை எழுதினீர்கள் என்பதெல்லாம் யாராவது படித்துத் திருத்திச் சொன்னால்தான் தெரியும். கல்லூரி இருக்கை குறைவாகத்தான் கிடைக்கிறது. தனியாகக் கற்க முடியாததற்கு அதைச் செலவிடுங்கள். அப்பாவிடமும் இதையே சொல்லுங்கள். கூடவே, விடுமுறையில் கிளவுடில் ஒரு சின்ன புராஜெக்ட் செய்து காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுங்கள். அது உங்கள் வேலை விண்ணப்பத்திலும் இடம்பெறும்.

'எல்லாம் 3 கிரெடிட்தானே'

உங்கள் கடிதத்தில் நான் திருத்த விரும்பும் இடம் இதுதான். கிரெடிட் என்பது சராசரி மாணவருக்கு ஆகும் என்று நிறுவனம் எதிர்பார்க்கும் நேரம். பரவலாக உள்ள ஒரு கணக்குப்படி, ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேர வகுப்பும் வகுப்புக்கு வெளியே இரண்டு மணி நேர உழைப்பும். ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட் என்றால் மொத்தமாக 25 முதல் 30 மணி நேரம். உங்கள் பாடத்திட்டங்கள் முதல் கணக்கைத்தான் பின்பற்றுகின்றன. ஆக ஐந்து பாடம், 15 கிரெடிட், வாரம் 45 மணி நேரம். உங்கள் வேலையின் 12 மணி நேரத்தைச் சேர்த்தால் 57. இதுவே கனமான வாரம். ஆனாலும் 57 என்பது தாங்கக்கூடிய எண்தான், 15 வாரமும் ஒரே சீராக வந்தால்.

சீராக வராது. அதுதான் சிக்கல்.

ஒரு தாளை எடுத்து 1 முதல் 15 வரை வாரங்களை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு பாடத்தின் சமர்ப்பிப்பையும் அந்தந்த வாரத்துக்கு எதிரே குறியுங்கள். உங்கள் தாள்களை வைத்து நான் இதைச் செய்து பார்த்தேன். ஆபரேட்டிங் சிஸ்டம் ஆய்வகப் பணிகள் 5, 9, 13ஆம் வாரங்களில். டேட்டாபேஸ் புராஜெக்ட் 13இல். அல்காரிதத்தில் வாராவாரம் ஒரு கணக்குத் தாள். இவை கட்டாயப் பாடங்கள், மாற்ற வழியில்லை. இதன் மேல் மெஷின் லேர்னிங்கை வைத்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு கணக்குத் தாளும் 14இல் ஒரு புராஜெக்டும் சேரும். கம்பைலரையும் வைத்தால் 4, 7, 10, 14ஆம் வாரங்களில் நான்கு கட்டங்கள். சீனியர்கள் சொன்ன ஜோடியை எடுத்தால் 13, 14 என்ற இரண்டே வாரத்தில் நான்கு பெரிய சமர்ப்பிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. அந்த வாரங்களிலும் உங்கள் 12 மணி நேர வேலை இருக்கும்.

எண்ணிக்கையைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. எந்தச் சுமையை முன்னால் நகர்த்த முடியும், எதை முடியாது என்று பார்க்க வேண்டும். மெஷின் லேர்னிங் புராஜெக்டை 8ஆம் வாரத்திலேயே தரவைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கலாம் என்று பாடத்திட்டம் சொல்கிறது. 11ஆம் வாரத்துக்குள் முக்கால்வாசி முடித்தால் 14ஆம் வாரத்தில் எழுதுவது மட்டும்தான் மிச்சம். கம்பைலர் அப்படி நகராது. முதல் கட்டத்தில் நிரலைச் சொற்துண்டுகளாகப் பிரிக்கும் பகுதியை எழுதுவீர்கள். அடுத்து அந்தத் துண்டுகளிலிருந்து வாக்கிய அமைப்பைக் கட்டும் பார்சர். பிறகு வகைச் சரிபார்ப்பு, கடைசியில் கோட் உருவாக்கம். ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டத்தின் மேல் நிற்கிறது. பார்சரில் ஒரு பிழையைப் பாதி சரிசெய்து 7ஆம் வாரம் சமர்ப்பித்துவிட்டால், 10ஆம் வாரத்தில் அந்தப் பழைய பிழையோடும் சேர்த்து மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஒரு கட்டம் தாமதமானால் மீதி எல்லாம் தாமதம். முழுநேர மாணவருக்கு அது அருமையான பாடம். வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர் ஒரு வாரம் விட்டாலும் மீண்டு வருவது கஷ்டம்.

இதைத் தெரிந்து சொல்கிறேன். என் படிப்புக் காலத்தில் இப்படிக் கட்டம் கட்டமாக ஏறும் இரண்டு பாடங்களை ஒரே செமஸ்டரில் எடுத்தேன். தனித்தனியே இரண்டும் எனக்குப் பிடித்தவைதான். ஒரு வாரக் காய்ச்சல் வந்தது. அதற்குப் பிறகு கடைசி வரை இரண்டிலும் முந்தைய கட்டத்தைத் துரத்திக்கொண்டே இருந்தேன். அப்போது யாராவது இந்த 15 வரித் தாளைப் போடச் சொல்லியிருக்கலாமே என்று இன்றும் நினைப்பேன்.

மொழியியலை அதே தாளில் வைத்துப் பாருங்கள். வாரம் ஒரு சிறு தரவுப் பயிற்சி, 7இலும் 15இலும் தேர்வு. 13, 14ஆம் வாரங்களில் அது கிட்டத்தட்ட அமைதியாக இருக்கிறது. நீங்கள் விரும்பும் பாடமே சுமைக்கும் பொருந்துவது அபூர்வம். உங்களுக்கு அது அமைந்திருக்கிறது.

சிஜிபிஏ பயத்தை எண்ணாக்கிப் பார்ப்போம்

நான்கு செமஸ்டரில் 60 கிரெடிட், சராசரி 7.8. அதாவது 468 புள்ளிகள். வரும் செமஸ்டரின் 15 கிரெடிட்டோடு மொத்தம் 75 ஆகும். இப்போது ஒரு 3 கிரெடிட் பாடத்தில் சுலபமானதை எடுத்து 9 வாங்குவதற்கும் கஷ்டமானதை எடுத்து 6 வாங்குவதற்கும் என்ன வித்தியாசம்? மூன்று கிரேடு, மூன்று கிரெடிட், ஆக 9 புள்ளி. 75ஆல் வகுத்தால் 0.12. படிப்பு முடியும்போது மொத்தம் 90 கிரெடிட் ஆகிவிடும், அப்போது 0.10. மோசமாக நடந்தால்கூட இழப்பு இவ்வளவுதான்.

ஆகவே ஒரு பாடத்தால் சிஜிபிஏ சிதைந்துவிடும் என்ற பயத்தை விடுங்கள். ஆனால் 8 என்பது போல ஒரு எல்லைக்கோடு உங்கள் முதுநிலைத் திட்டங்களில் இருந்தால், 0.10 அங்கே முக்கியமாகலாம். சேர்க்கை நிபந்தனையில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். உண்மையில் சிஜிபிஏவைக் கீழே இழுப்பது, ஒரே வாரத்தில் எல்லாம் விழுந்து நான்கு பாடத்திலும் ஒவ்வொரு கிரேடு இறங்குவது. நான்கு பாடம், ஒரு கிரேடு, மூன்று கிரெடிட் என்றால் 12 புள்ளி. ஒரு பாடத்தில் மூன்று கிரேடு இறங்குவதைவிட அது அதிகம். மேலே சொன்ன 13, 14ஆம் வாரங்கள்தான் உங்கள் சிஜிபிஏவுக்கு ஆபத்தான இடம்.

தோழிகள் சொல்லும் சைபர் பாதுகாப்பு பற்றி ஒன்றே ஒன்று. அந்தப் பாடத்தில் மதிப்பீட்டின் 70 விழுக்காடு கடைசித் தேர்வு. செமஸ்டர் முழுக்க இலகுவாகத் தெரியும், 15ஆம் வாரத்தில் மொத்தமாக வரும். போன ஆண்டு சுலபமாக வந்ததற்கு ஆசிரியர் காரணமா, வினாத்தாள் காரணமா, இந்த ஆண்டும் அதே ஆசிரியர்தானா என்று கேட்டுப் பாருங்கள்.

பிடித்தது தலைப்பா, வேலையா?

மொழியியலில் ஒரு எச்சரிக்கை. உங்களுக்குப் பிடித்தது சொற்களின் வரலாறு. இந்த அறிமுகப் பாடத்தில் அதற்கு ஒதுக்கியிருப்பது 15 வாரத்தில் ஒரே வாரம். மீதியில் ஒலிகளைப் பிரிப்பது, சொல்லைப் பொருள் தரும் மிகச் சிறிய பகுதிகளான உருபன்களாக உடைப்பது, வாக்கியத்துக்கு மரவரைபடம் போடுவது, பொருள் பற்றிய தர்க்கம். நீங்கள் அறியாத ஒரு மொழியிலிருந்து இருபது சொற்களைக் கொடுத்து, பன்மை எப்படி உருவாகிறது என்று விதி எழுதச் சொல்வார்கள். இது வாசிப்பைவிடப் புதிர் தீர்ப்பதற்கு நெருக்கமானது.

அதனால் ஒரு சோதனை செய்யுங்கள். முன்பு அந்தப் பாடம் படித்தவரிடமிருந்து இரண்டாவது மூன்றாவது வாரப் பயிற்சித் தாளை வாங்கி, ஒரு மாலை உட்கார்ந்து போடுங்கள். விடை சரியா தவறா என்பது பெரிதில்லை. ஒரு மணி நேரம் கழித்து அடுத்த கணக்கைப் பார்க்கத் தோன்றுகிறதா, எப்போது முடியும் என்று தோன்றுகிறதா என்று கவனியுங்கள். உங்களுக்கு முதலாவதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன்; ஏனென்றால் சொல்லை உடைப்பதும் மரவரைபடம் போடுவதும் நீங்கள் போக விரும்பும் துறையில் தினமும் வருபவை. அலுப்புத் தட்டினால் அதுவும் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டிய செய்திதான்.

நிகழ்தகவு என்ற நிபந்தனை

முன்தேவைப் பாடத்தில் தேறிவிட்டேன் என்பதும், அது கையில் இருக்கிறது என்பதும் வேறு வேறு. மெஷின் லேர்னிங்கில் சிக்கிக்கொள்பவர்கள் பெரும்பாலும் புதிய கருத்துகளில் சிக்குவதில்லை. மூன்றாவது வாரம் ஆசிரியர் நிபந்தனை நிகழ்தகவை எல்லோருக்கும் தெரிந்ததாக எடுத்துக்கொண்டு ஒரு வரியில் தாண்டிப் போவார், அங்கேதான் சிக்குவார்கள்.

இரண்டு கேள்விகளை நோட்டைப் பார்க்காமல் போட்டுப் பாருங்கள். முதலாவது: 100இல் ஒருவருக்கு ஒரு நோய் இருக்கிறது. நோய் உள்ளவரைப் பரிசோதனை 90 விழுக்காடு சரியாகக் கண்டுபிடிக்கும். நோய் இல்லாதவரில் 9 விழுக்காட்டினருக்கும் தவறாக 'இருக்கிறது' என்று காட்டும். ஒருவருக்கு 'இருக்கிறது' என்று வந்தால் உண்மையிலேயே நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? இரண்டாவது: (y − wx)² என்பதை w சார்ந்து வகையிடுங்கள்.

முதல் விடை சுமார் 9 விழுக்காடு. 1000 பேரை எடுத்தால் 10 பேர் நோயாளிகள், அதில் 9 பேர் பிடிபடுவார்கள்; மீதி 990 பேரில் சுமார் 89 பேருக்குத் தவறாக வரும்; 98இல் 9. இரண்டாவது விடை −2x(y − wx). இரண்டும் அரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டால் தயக்கமில்லாமல் பதிவு செய்யுங்கள். '90 விழுக்காடு' என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம், பலர் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் அப்போது செமஸ்டர் தொடங்கும் முன் இரண்டு வாரம், நாளுக்கு ஒரு மணி நேரம், நிபந்தனை நிகழ்தகவு, எதிர்பார்ப்பு மதிப்பு, இயல்நிலைப் பரவல் மூன்றையும் பழைய நோட்டிலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். இதுதான் நான் சொன்ன நிபந்தனை. இதைச் செய்ய முடியாது என்றால் என் ஆலோசனையின் பாதி செல்லாது.

பதிவு செய்த பிறகு

இரண்டு தேதிகளைக் கல்வி நாட்காட்டியில் தேடி எழுதி வையுங்கள். ஒன்று, பாடத்தைச் சேர்க்கவும் நீக்கவும் கடைசி நாள். அதற்குள் விலகினால் ட்ரான்ஸ்கிரிப்ட்டில் அடையாளமே இருக்காது. இன்னொன்று, அதற்குப் பல வாரம் கழித்து வரும் விலகல் நாள்; அப்போது விலகினால் பல இடங்களில் கிரேடுக்குப் பதில் 'டபிள்யூ' என்ற எழுத்து நிற்கும். சிஜிபிஏ பாதிக்காது, ஆனால் பதிவில் தெரியும், கட்டணமும் திரும்பாமல் போகலாம். இரண்டையும் ஒன்று என்று நினைத்து முதல் தேதியைத் தவறவிடுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் என்னிடம் வருகிறார்கள்.

முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு பாடத்துக்கும் உண்மையில் எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்து வையுங்கள். மெஷின் லேர்னிங் 9 மணி நேரத்துக்குப் பதில் 11, 12 என்று வந்தால் பரவாயில்லை, மொழியியல் அதைச் சற்று ஈடுகட்டும். 15ஐத் தாண்டினால் முதல் தேதிக்கு முன்பே ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். எந்தக் கணக்கில் நின்றீர்கள் என்று தாளோடு போங்கள். அப்போதும் முடியாது என்று பட்டால் விலகிவிடுங்கள். கடைசி செமஸ்டரின் இயல்மொழிச் செயலாக்க ஆசிரியருக்கு, முன்தேவையை வேறு வழியில் ஈடுசெய்ய அனுமதி உண்டா என்று உடனே எழுதிக் கேளுங்கள். சில ஆசிரியர்கள் தருவார்கள்.

கம்பைலர் மேல் ஆசை இருந்தால், பாடத்தைப் பதிவு செய்யாமல் முதல் ஏழு வார வகுப்புகளை மட்டும் கேட்க ஆசிரியரிடம் அனுமதி கேட்கலாம். பார்சர் வரை அதில் வந்துவிடும். உங்கள் துறைக்கு அதில் அதிகம் உதவுவதும் அந்தப் பகுதிதான்.

கடைசியாக, வேலை இடத்தில் இப்போதே பேசிவிடுங்கள். 13, 14ஆம் வாரங்களில் 12 மணி நேரத்தை 6 ஆகக் குறைத்துக்கொண்டு, அதை 2, 3ஆம் வாரங்களில் கூடுதலாகச் செய்து தருகிறேன் என்று தேதி போட்டுக் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். அந்த வாரமே போய் நின்றால் அவர்களுக்கும் வழி இருக்காது.